ஹஜ்ரத், குர்ஆன் ஓதக் கற்க எத்தனை மாதம் ஆகும்?

இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசல் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி பெரும்பாலும் வரும். செருப்பைத் தேடிக்கொண்டே ஒருவர் திரும்பி, "ஹஜ்ரத், நான் குர்ஆன் ஓதக் கத்துக்கணும். எத்தனை மாசம் ஆகும்?" என்பார். வாட்ஸ்அப்பில் சகோதரிகள் கேட்பார்கள். வளைகுடாவுக்கு விசா வந்த தம்பி, "அரபு கத்துக்க எவ்வளவு நாளாகும்?" என்று கேட்பார். கேட்பவர் இதுவரை எதை ஓதியிருக்கிறார், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கொடுக்க முடியும், எதற்காகக் கற்க விரும்புகிறார் என்ற மூன்றும் அந்தக் கேள்வியில் இருக்காது.

பல ஆண்டுகளாக எல்லோருக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன்: "ஆறு மாதம்." கேட்பவர் மனம் தளராமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான் அதற்குக் காரணம். அந்தப் பதிலை நம்பி, மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி தொலைபேசி வழியாக ஓதத் தொடங்கினார். வீட்டு வேலை, மாடு, வயல் என்று அவருக்குக் கிடைத்தது நாளுக்குப் பத்து நிமிடம். ஆறு மாதம் முடிந்தபோது அவரால் ஒரு வரியைத் திக்கித் திக்கித்தான் ஓத முடிந்தது. "எனக்கு மூளை இல்லைன்னு நினைக்கிறேன் ஹஜ்ரத்" என்று சொல்லி நிறுத்திவிட்டார். 180 நாட்களுக்குப் பத்து நிமிடம் என்றால் மொத்தம் 30 மணி நேரம். எழுத்தே தெரியாமல் தொடங்கியவர் 30 மணி நேரத்தில் வரி சேர்த்து ஓதினார் என்றால் அது நல்ல முன்னேற்றம். நான் சொன்ன "ஆறு மாதம்" அவர் செய்ததைத் தோல்வியாகக் காட்டிவிட்டது. அதற்குப் பிறகு, மூன்று விவரங்களையும் கேட்காமல் நான் யாருக்கும் காலம் சொல்வதில்லை.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களின் செய்தியை யாராவது எடுத்துக்காட்டுவார்கள். யூதர்களிடமிருந்து வரும் கடிதங்களைப் படிக்கவும் அவர்களுக்குப் பதில் எழுதவும் கற்றுக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் இவருக்குக் கட்டளையிட்டார்கள். அரை மாதத்திற்குள் அவர் அதில் தேர்ச்சி பெற்றார் என்று திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் பதிவாகியிருக்கிறது. சுர்யானி மொழியைப் 17 நாட்களில் கற்றார் என்ற அறிவிப்பும் உண்டு. "அவர் பதினைந்து நாளில் ஒரு மொழியையே கற்றார், நமக்கு ஏன் முடியாது?" என்று இதை வைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்தச் செய்திக்குள்ளேயே மூன்று விவரங்களும் இருக்கின்றன. அவர் எங்கிருந்து தொடங்கினார்? மதீனாவுக்கு வந்த நபியவர்களிடம் அறிமுகப்படுத்தப்பட்ட சிறு வயதிலேயே பத்துக்கும் மேற்பட்ட ஸூராக்களை மனனம் செய்திருந்தவர் அவர். தாய்மொழி அரபு. ஹீப்ருவும் சுர்யானியும் அரபின் உடன்பிறப்புகள். மூன்றும் வலமிருந்து இடமாக எழுதப்படுபவை, மூன்றெழுத்து வேர்களிலிருந்து சொற்களை உண்டாக்குபவை, ஏராளமான வேர்கள் மூன்றுக்கும் பொது. தமிழ் தெரிந்தவர் மலையாள எழுத்தைக் கற்பது போன்றது அது, தமிழ் தெரிந்தவர் அரபு கற்பது போன்றதல்ல. எவ்வளவு நேரம் கொடுத்தார்? அது நபியவர்களின் நேரடிக் கட்டளை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் அரை மணி நேரம் ஒதுக்கிச் செய்த காரியமல்ல. நோக்கம் என்ன? கடிதம் படிப்பது, கடிதம் எழுதுவது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் பதினைந்து நாள் என்பது நமக்கும் புரிகிறது. அவற்றை விட்டுவிட்டு நாட்கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு நம் பிள்ளைகளை அதோடு ஒப்பிட்டால் அது அநியாயம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் அல்பகரா ஸூராவைக் கற்க எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஸூரா இன்றைய மதீனா பதிப்பு முஸ்ஹஃபில் ஏறக்குறைய 48 பக்கம். ஹிஃப்ளு மத்ரஸாவில் ஓதும் சிறுவன் நாளுக்கு அரைப் பக்கம் பாடம் கொடுத்தால் 96 பாட நாட்களில் முடித்துவிடுவான். அரபைத் தாய்மொழியாகக் கொண்ட ஸஹாபிக்கு எட்டு ஆண்டு, தமிழ்ச் சிறுவனுக்கு நாலு மாதமா? இப்னு உமர் அவர்கள் அதன் சட்டங்களையும் பொருளையும் செயல்பாட்டையும் சேர்த்துக் கற்றார்கள் என்றே அறிஞர்கள் விளக்குகிறார்கள். சிறுவன் கற்பது அதன் ஓசையை. இருவருமே "அல்பகராவைக் கற்றேன்" என்றுதான் சொல்வார்கள்.

இனி, இந்த மூன்று விவரங்களையும் நடைமுறையில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை ஒரே ஒருவருடைய கணக்கை வைத்துச் சொல்கிறேன்.

கீழமாசி வீதியில் மொத்த வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், வயது நாற்பதைத் தாண்டியவர். முஹர்ரம் பிறந்த முதல் வாரத்தில் வந்து அதே கேள்வியைக் கேட்டார். "எதுக்காகக் கத்துக்கணும் பாய்?" என்றேன். முதலில் "நல்லா ஓதணும்" என்றார். அது நோக்கமாகாது. எப்போது அடைந்தோம் என்று அறியவே முடியாத ஒன்றை வைத்துக் காலம் சொல்ல முடியாது. கொஞ்சம் பேசிய பிறகு உள்ளே இருந்தது வெளியே வந்தது. அவருடைய அத்தா ரமளானில் தானே ஓதி ஒரு குர்ஆனைத் தமாம் செய்வாராம். தானும் வரும் ரமளானில் அப்படி முடிக்க வேண்டும், ஓதுவதில் எழுத்தே மாறிப்போகிற பெரிய தவறுகள் இருக்கக் கூடாது. இது அளக்கக்கூடிய நோக்கம். முஸ்ஹஃபில் 604 பக்கம், ஒரு ஜுஸ்வு சுமார் 20 பக்கம். நோன்பு 29 அல்லது 30. ஆக நாளுக்கு 20 பக்கம் ஓத வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் என்றால் ஒரு மணி நேரம். பத்து நிமிடம் என்றால் மூன்று மணி இருபது நிமிடம், கடைக்காரருக்கு அது நடக்காத காரியம். எனவே அவர் அடைய வேண்டிய வேகம் பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்தது, இப்போது எங்கே நிற்கிறார் என்பது. "சின்ன வயசுல மக்தபுல மூணு வருஷம் ஓதியிருக்கேன்" என்றார். ஏறக்குறைய எல்லோரும் சொல்கிற பதில் இதுதான், ஆனால் இதை வைத்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. ஒரு மணி நேர மக்தபில் ஒரு உஸ்தாதிடம் முப்பது பிள்ளைகள் இருந்தால் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். வருடத்தில் 200 நாள் நடந்தால் 400 நிமிடம், ஏழு மணி நேரம்கூட இல்லை. மூன்று வருடம் ஓதியவர் உஸ்தாதின் முன்னால் ஓதியது மொத்தம் 20 மணி நேரம். அதுவும் முப்பது வருடத்துக்கு முன்னால். மற்ற நேரமெல்லாம் சேர்ந்து சத்தமாக ஓதியது, பக்கத்துப் பையனைப் பார்த்து ஓதியது. மக்தபைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, அந்த மூன்று வருடம் என்ன என்பதைத் தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

எனவே அவரை ஓதச் சொன்னேன். யாஸீன் ஸூராவின் முதல் பக்கத்தைத் திறந்தார். மூன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டார், தவறுகளும் குறைவு. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள், உஸ்தாதுகளும்கூட. யாஸீன் சிறு வயதிலிருந்து வீட்டில் காதில் விழுந்த ஸூரா. கண் எழுத்தின் மேல் இருந்தாலும் வாய் நினைவிலிருந்துதான் ஓதும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, அதை மட்டும் தனியாக ஓதச் சொல்ல வேண்டும். நினைவிலிருந்து ஓதுகிறவர் முந்திய வரியிலிருந்து ஓடி வந்துதான் அந்தச் சொல்லை அடைவார். இன்னொன்று, அவர் அதிகம் கேட்டிராத இடத்தைத் திறப்பது. ஹூத் ஸூராவில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தேன், கைப்பேசியில் நேரம் பார்த்தேன். 14 நிமிடம், 19 பெரிய தவறுகள். பதினைந்து வரிக்கு 14 நிமிடம் என்றால் வரிக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். அதுதான் அவருடைய உண்மையான தொடக்க நிலை. பாவம், முகம் வாடிவிட்டது. ஆனால் மேலூர் சகோதரியிடம் நான் அன்றே இதைச் செய்திருந்தால் அவர் ஓதுவதை நிறுத்தியிருக்க மாட்டார்.

அந்த 19 தவறுகளில் பெரும்பாலானவை சில எழுத்து ஜோடிகளில்தான் இருந்தன. தமிழ் பேசும் வாய்க்கு இது இயல்பு. நமக்கு "க" ஒன்றுதான். அரபில் அடிநாக்கு உள்நாக்கை ஒட்டி எழும் காஃப் ஒன்று, அதற்குச் சற்று முன்னால் எழும் காஃப் இன்னொன்று. முதலாவதைக் கொண்டு சொன்னால் "கல்பு" இதயம், இரண்டாவதைக் கொண்டு சொன்னால் அதே "கல்பு" நாய். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. தொண்டையின் நடுவிலிருந்து வரும் ஹாவும் அடியிலிருந்து வரும் ஹாவும் அப்படித்தான். ஸீனும் ஸாதும் அப்படித்தான். நாம் "ரமளான்" என்று எழுதுகிறோம், "ளுஹர்" என்றும் எழுதுகிறோம். இரண்டிலும் ஒரே "ள". அரபில் முன்னது ளாத், நாக்கின் ஓரம் மேல் கடைவாய்ப் பல்லை ஒட்டி வருவது. பின்னது வேறு எழுத்து, நாக்கின் நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட்டு வருவது. நம் எழுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டதால் நம் காதும் ஒன்றாக்கிவிட்டது. காது பிரித்துக் கேட்காத வரை வாய் பிரித்துச் சொல்லாது. பெரியவர்களுக்குக் கற்றுத்தரும்போது முதலில் ஓதச் சொல்லாமல், "நான் சொன்னது எந்தக் காஃப், முதலாவதா இரண்டாவதா?" என்று கேட்டுப் பழக்குவது அதனால்தான்.

மூன்றாவது விவரம் நேரம். "தினமும் ஒரு மணி நேரம் கொடுத்துடறேன் ஹஜ்ரத்" என்றார். ஆசையில் சொல்லும் கணக்கு அது. போன வாரம் என்ன செய்தீர்கள் என்று நாள் நாளாகக் கேட்டேன். இரவு கடை அடைத்து வீடு வரப் பத்து மணி. வாரத்தில் இரண்டு நாள் சரக்கு இறங்கும், ஃபஜ்ரு முடிந்ததும் ஓட வேண்டும். மீதி ஐந்து நாளில் ஃபஜ்ருக்குப் பிறகு 25 நிமிடம் உறுதியாகக் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம். ரமளானுக்கு 33 வாரம் இருந்தது. தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம் வியாபாரத்தில் ஓத முடியாது என்று அவரே சொன்னார். மிச்சம் 30 வாரம், 60 மணி நேரம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்ற முதல் பேச்சை நம்பியிருந்தால் 230 மணி நேரம் என்று கணக்குப் போட்டிருப்பேன். ஏறக்குறைய நாலு மடங்கு தவறு.

ஆக அவருடைய கேள்வி இப்போது இப்படி ஆனது: எழுத்துக்கூட்டத் தெரிந்த, பக்கத்துக்கு 14 நிமிடம் எடுக்கும் ஒருவர், 60 மணி நேரத்தில் பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடத்தை அடைய முடியுமா? "நாலு நிமிஷத்துக்கிட்ட வரலாம், மூணு கஷ்டம்" என்றேன். இதுவும் மதிப்பீடுதான். ஆனால் இதைச் சரிபார்க்கும் வழி இருந்தது.

முதல் ஆறு வாரம் அந்த எழுத்து ஜோடிகளை மட்டும் பார்த்தோம். யஸ்ஸர்னல் குர்ஆனின் பழைய பாடங்களுக்குத் திரும்பிப் போக அவர் முதலில் வெட்கப்பட்டார், பக்கத்தில் ஏழு வயதுப் பிள்ளைகள் அதை ஓதிக்கொண்டிருந்தார்கள். பிறகு நாளுக்கு ஒரு பக்கம், கைப்பேசியில் பதிவு செய்து தானே கேட்பது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவர் ஓதாத ஒரு புதுப் பக்கத்தில் நேரமும் தவறும் எண்ணுவோம். ஆறாவது வாரத்தில் 12 நிமிடம், தவறுகள் 8. நேரம் பெரிதாகக் குறையவில்லை என்று சோர்ந்தார். தவறு பாதிக்கும் மேல் குறைந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை. கவனமாக உச்சரிக்கத் தொடங்கும்போது வேகம் கொஞ்ச காலம் அப்படியே நிற்கும், சிலருக்குக் குறையவும் செய்யும். பதினான்காவது வாரத்தில் 7 நிமிடம்.

இந்த இடத்தில் அவர் ஒரு கணக்குப் போட்டார். "பதினாலு வாரத்துல பாதியாயிடுச்சு, இன்னும் பதினாலு வாரத்துல மூணரை வந்துடும்." நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் வேகமாகக் குறைவது எழுத்தை அடையாளம் காணும் நேரம். அதற்குப் பிறகு மிச்சம் இருப்பது, சொல்லை முழுதாக ஒரே பார்வையில் எடுப்பது, மூச்சு விடும் இடத்தை முன்கூட்டியே பார்ப்பது. இவை மெதுவாகத்தான் வரும், ஓதிய பக்கங்களின் எண்ணிக்கையோடு வரும். இருபத்து நாலாவது வாரத்தில் 5 நிமிடம், ஷஃபான் முடியும்போது 4 நிமிடம், தவறு ஒன்றோ இரண்டோ.

ரமளானில் அவருக்குக் கிடைத்தது ஃபஜ்ருக்குப் பின் 45 நிமிடம், அஸருக்கு முன் 30 நிமிடம். 75 நிமிடத்தில் பத்தொன்பது பக்கம்கூட முழுதாக வராது. பெருநாள் பிறை தெரிந்த அன்று 27ஆவது ஜுஸ்வில் நின்றார். மிச்சத்தை ஷவ்வால் முதல் வாரத்தில் முடித்தார். குன்னாவின் அளவு, மத்தின் நீளம் போன்ற நுட்பமான தவறுகள் அவர் ஓதலில் இன்னும் உண்டு. தஜ்வீதில் இவற்றுக்கு மறைவான தவறு என்று பெயர், எழுத்தையே மாற்றிவிடும் வெளிப்படையான தவறு வேறு. மறைவான தவறும் இல்லாமல் ஓத வேண்டும் என்பது அவருடைய நோக்கமாக இருந்திருந்தால், அந்த 60 மணி நேரம் போதவே போதாது, ஒவ்வொரு வரியையும் உஸ்தாதின் முன்னால் உட்கார்ந்து ஓத வேண்டியிருக்கும்.

இதே பாயின் மனைவிக்குக் கணக்கு வேறு. அவருடைய நன்னி அரபுத்தமிழ் நூல்கள் படித்தவராம். தமிழை அரபு எழுத்தில், நம் ஒலிகளுக்காகப் புள்ளி சேர்த்த எழுத்துகளோடு எழுதுகிற அந்த முறை தெரிந்த வீடுகளில் பெண்களின் கண்ணுக்கு எழுத்து பழகியிருக்கும். அந்த அம்மா அதை நன்னியிடம் கற்றிருந்ததால் பக்கத்துக்கு 6 நிமிடத்தில் தொடங்கினார். ஒரே வீடு, ஒரே முஸ்ஹஃப், இரண்டு காலக்கணக்கு.

இதுவரை சொன்னது பார்த்து ஓதுவதைப் பற்றி. "பொருள் புரிந்து ஓத எவ்வளவு நாளாகும்?" என்பது முற்றிலும் வேறு கேள்வி. சிலர் இரண்டையும் ஒன்றாகக் கேட்கிறார்கள். குர்ஆனில் ஏறக்குறைய 77,000 சொற்கள் வருகின்றன. அவற்றில் பல திரும்பத் திரும்ப வருபவை. "மின்" என்ற சிறு சொல் மட்டும் 3,000 தடவைக்கு மேல் வருகிறது. இதை வைத்துத்தான் சில வகுப்பு விளம்பரங்கள் "சில நூறு சொற்கள், சில வாரங்கள், குர்ஆனில் பெரும்பகுதி புரியும்" என்கின்றன. சொற்கணக்கில் அது பொய்யில்லை. ஆனால் பத்துச் சொல் உள்ள வசனத்தில் ஏழு சொல் தெரிந்து மூன்று தெரியாவிட்டால், தெரியாத அந்த மூன்றில்தான் பெரும்பாலும் செய்தி இருக்கும். அல்ஆதியாத் ஸூராவைத் திறந்து பாருங்கள். மூச்சிரைக்க ஓடும் குதிரைகளைப் பற்றிய அதன் முதல் ஐந்து வசனங்களில், அதிகம் வரும் சொற்களின் பட்டியல் மிகக் குறைவாகவே கைகொடுக்கும். அந்த வகுப்புகளில் சேராதீர்கள் என்று சொல்லவில்லை. தொழுகையில் ஓதும் சிறு ஸூராக்களும் துஆக்களும் புரிய வேண்டும் என்பது நோக்கமென்றால் அவை நல்ல தொடக்கம். தஃப்ஸீர் நூலைத் தானே படிக்க வேண்டும் என்பது நோக்கமென்றால் இலக்கணத்தோடு சில ஆண்டுகள் ஆகும். நம் அரபிக் கல்லூரிகளில் ஆலிம் படிப்பு பொதுவாக ஏழு ஆண்டு, அதுவும் முழுநேரம், அங்கேயே தங்கி.

காலக்கணக்கை ஒழுங்காகச் சொல்வது எப்படி என்பதற்கு அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சிக் கழகம் முன்பு வெளியிட்ட பட்டியல் ஒரு நல்ல உதாரணம். அரபுக்கு 88 வாரம், 2,200 வகுப்பு மணி நேரம் என்றார்கள். சீனம், ஜப்பானியம், கொரியனும் அதே வரிசையில். நம் தமிழுக்கு 44 வாரம், 1,100 மணி நேரம். இந்த எண்களுக்கு மதிப்பு வருவது அவற்றோடு சேர்த்து மூன்றையும் சொல்லிவிடுவதால்தான்: கற்பவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், வாரத்துக்கு 25 மணி நேரம் வகுப்பு, அலுவல் வேலைக்குத் தேவையான அளவு பேசவும் படிக்கவும் தெரிய வேண்டும். அந்த எண்ணை எடுத்து அப்படியே மதுரைக்காரருக்குச் சொல்ல முடியாது. எழுத்து தெரிந்தவர், துனியா, ஆகிரத், கிதாப், வக்த் என்று நூற்றுக்கணக்கான அரபுச் சொற்களை வீட்டிலேயே பேசி வளர்ந்தவர், வேறு இடத்திலிருந்து தொடங்குகிறார். நாளுக்கு அரை மணி நேரம் மட்டுமே தருகிறவரோ, 2,200 மணி நேரத்தை எட்டப் பன்னிரண்டு வருடம் ஆகும்.

விசா வந்த தம்பிக்கு என்ன சொல்வது? குர்ஆன் நன்றாக ஓதுகிற ஒருவர் ஜித்தாவில் இறங்கிக் கடைப்பலகையைப் படிக்க முடியாமல் திகைத்ததை என்னிடமே சொல்லியிருக்கிறார். ஜபர், ஜேர், பேஷ் போட்ட எழுத்தைத்தான் அவர் கண் அறியும், கடைப்பலகையில் அவை இருக்காது. சொல் தெரிந்தால்தான் அதை வாசிக்கவே முடியும். பேச்சும் வேறு. கீழமாசி வீதி பாய் ஆறு வாரம் பாடுபட்டுத் திருத்திய அந்த முதல் காஃபை வளைகுடாவில் பேச்சு வழக்கில் "கங்கை"யின் இரண்டாவது "க" போலச் சொல்வார்கள். வண்டி ஓட்டப் போகிறவருக்கு இடம், வழி, எண், பணம், நேரம் பற்றிய பேச்சு போதும். அங்கேயே இருந்து பேசினால் சில மாதங்களில் வந்துவிடும். ஒப்பந்தத் தாளைத் தானே படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் அது அந்தச் சில மாதங்களில் வராது, அதைப் படித்துச் சொல்ல நம்பிக்கையான ஓர் ஆளைத் தேடிக்கொள்வதே நல்லது.

பிள்ளையை ஹிஃப்ளில் சேர்க்கும் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. நாளுக்கு அரைப் பக்கம் புதுப் பாடம், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 604 பக்கத்துக்கு 1,208 பாட நாட்கள், விடுமுறை எதுவும் இல்லாமலே நான்கு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கில் பழைய பாடம் சேரவில்லை. இருபது ஜுஸ்வு முடித்த பிள்ளை பின்பாடத்துக்கே நாளில் பெரும்பகுதியைச் செலவிடுவான், புதுப் பாடம் மெலியும். அந்த நேரத்தில் "போன வருஷம் வேகமாப் போனான், இப்ப சோம்பேறியாயிட்டான்" என்று பிள்ளையை அடிக்கிற அத்தாமார்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை சோம்பேறியாகவில்லை, சுமக்கும் மூட்டை பெரிதாகிவிட்டது. "இரண்டு வருடத்தில் ஹாஃபிழ்" என்று யாராவது சொன்னால், பிள்ளை பார்த்து ஓதத் தெரிந்து வந்தவனா, பள்ளிக்கூடம் போகாமல் முழுநேரம் இருந்தவனா, முடித்த பிறகு எந்த இடத்தைத் திறந்து கேட்டாலும் ஓதினானா என்று கேளுங்கள்.

மேலூர் சகோதரிக்குப் போன மாதம் நானே தொலைபேசியில் பேசினேன். பத்து நிமிடத்தில் வாரத்துக்கு ஐந்து நாள் என்றே வைத்துக்கொண்டோம். நோக்கம், ஜனாஸா வீடுகளில் மற்றவர்களோடு சேர்ந்து உட்காரும்போது யாஸீனை முஸ்ஹஃபைப் பார்த்துத் தானாக ஓதுவது. ஆறு பக்கம். அறுவடை முடிந்ததும் தொடங்குகிறார்.